முகம் தெரியாதவர் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கடையில் எதைப் பார்ப்பார்?

கேள்வி: வணக்கம். நாங்கள் மதுரையில் இருக்கிறோம். என் மாமியார் பல வருடமாகச் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர். அவர் செய்வது, தெரிந்த நான்கு வீடுகளில் செய்வது, கூடவே கொஞ்சம் மெழுகு அச்சுப் புடவைகள், எல்லாம் சேர்த்து நானும் என் நாத்தனாரும் ஆன்லைனில் விற்கப் போகிறோம். ‘மதுரை சுங்குடி ஹவுஸ்’ என்று பெயர் யோசித்திருக்கிறோம். கோபுரம் போட்ட லோகோ தயார். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தையும் ரிட்டர்ன் பாலிசியையும் ஒரு பெரிய கடையின் தளத்திலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் “நம்பிப் பணம் அனுப்பலாமா?” என்றே கேட்கிறார்கள். என்ன செய்தால் நம்புவார்கள்?
— வாசகி, மதுரை

பதில்:

கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவர் உங்கள் புடவை ஒன்றைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை ₹1,450. புடவை பிடித்துவிட்டது. அடுத்து அவர் செய்வது ஏறக்குறைய எப்போதும் ஒரே வரிசையில்தான் நடக்கும். கடைப் பெயரை கூகுளில் தேடுவார். தளத்தின் அடிப்பகுதிக்குப் போய் முகவரியும் போன் நம்பரும் இருக்கிறதா என்று பார்ப்பார். ரிட்டர்ன் பாலிசியைத் திறந்து இரண்டு வரி படிப்பார். கடைசியில் யுபிஐ செயலியில் பணம் அனுப்பும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பார்ப்பார். இந்த நான்கு இடத்திலும் ஒரே கடை தெரிந்தால் பணம் கட்டுவார். ஓரிடத்தில் வேறு பெயரோ வேறு ஊரோ தென்பட்டால் அப்படியே மூடிவிட்டுப் போய்விடுவார், ஏன் போனார் என்று உங்களுக்குத் தெரியவும் வராது.

ஆகவே வேலையை லோகோவிலிருந்து தொடங்காதீர்கள். பெயரிலிருந்தும் அந்தப் பெயரில் இருக்கப் போகும் வங்கிக் கணக்கிலிருந்தும் தொடங்குங்கள்.

நீங்கள் யோசித்திருக்கும் பெயரில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஊர்ப் பெயர், பொருளின் பெயர், ‘ஹவுஸ்’ என்ற பொதுச்சொல் மூன்றும் சேர்ந்த பெயரை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மதுரையில் சுங்குடி விற்கும் எல்லாக் கடையும் அதே தேடலில் வரும், உங்கள் கடை நடுவில் தொலைந்துவிடும். டிரேட்மார்க் பதிவுக்குப் போனாலும் பொருளையும் ஊரையும் மட்டும் சொல்லும் பெயருக்குச் சட்டப்படியே ஆட்சேபம் வரும். இரண்டாவது சிக்கல் இன்னும் முக்கியமானது. ‘மதுரை சுங்குடி’ புவிசார் குறியீடு பெற்ற பெயர். அதைப் பொருளின் மேல் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நீங்களோ கையால் முடிச்சுப் போட்டதையும் மெழுகு அச்சுப் புடவையையும் ஒரே கடையில் விற்கப் போகிறீர்கள். கடையின் பெயரே ‘மதுரை சுங்குடி’ என்றால் அச்சுப் புடவையும் அந்தப் பெயரில் விற்பதாக ஆகிவிடும். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கடைக்குத் தனிப் பெயர் ஒன்று வைத்து, ‘சுங்குடி’ என்பதைப் பொருளின் விவரமாக வையுங்கள். பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. வேறு வேறு வயதில் ஐந்து பேருக்குப் போன் செய்து பெயரைச் சொல்லுங்கள், ஆங்கில எழுத்தில் வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி அடித்தால் அந்தப் பெயர் தேறும். ‘முடிச்சு’ என்ற பெயரை எடுத்துக்கொண்டால் mudichu, mudichchu, muditchu என்று மூன்று விதமாக வரும். ‘புள்ளி’யை ஒருவர் pulli என்பார், இன்னொருவர் puli என்பார். ‘ழ’ இருக்கும் பெயர் கேட்கவே வேண்டாம். ‘மின்மினி’ என்று சொன்னால் பெரும்பாலும் எல்லோரும் minmini என்றே அடிப்பார்கள். கரும்பச்சைத் துணியில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும் புடவைக்கு அது பொருந்தவும் செய்யும். இது எடுத்துக்காட்டுக்குத்தான். இவ்வளவு அழகான பெயரை வேறு யாராவது முன்பே எடுத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஆகவே தேடிப் பார்க்காமல் வைக்காதீர்கள். இந்தப் பதிலில் வசதிக்காக உங்கள் கடையை ‘மின்மினி’ என்றே சொல்கிறேன்.

தேடுவது அரை மணி நேர வேலை. இந்திய அரசின் அறிவுசார் சொத்துரிமைத் தளமான ipindia.gov.in போய், டிரேட்மார்க் பொதுத் தேடலில் பெயரைப் போடுங்கள். புடவை 25ஆம் வகுப்பு, துணி வகைகள் 24, சில்லறை விற்பனைச் சேவை 35. மூன்றிலும் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து தேடுவதோடு நிறுத்தாமல் ஒலி ஒத்த பெயர்களையும் தேடும் வசதி அங்கே இருக்கிறது, அதையும் பயன்படுத்துங்கள். பிறகு அதே பெயரில் .in, .com முகவரிகளும் இன்ஸ்டாகிராம் பெயரும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். .com-இல் வேறொரு துணிக்கடை ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் தவறி அங்கே போவார், அவர்களுடைய புகாரெல்லாம் உங்கள் பெயரோடு கலக்கும். டொமைன் வாங்கும்போது முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். அதே டொமைனில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் போட்டுக்கொள்ளுங்கள். தளம் ஒரு பெயரில், அஞ்சல் ஏதோ ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து என்றால் ஆர்டர் உறுதி அஞ்சலைப் பார்த்தே சிலர் பயந்துவிடுவார்கள்.

டிரேட்மார்க் பதிவுக்கு TM-A படிவம். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் ₹4,500. கையில் பணம் குறைவென்றால் முதலில் 25ஆம் வகுப்பு மட்டும் போடுங்கள். பெயருக்கு மேல் ™ என்று இப்போதே போட்டுக்கொள்ளலாம். ® குறியை மட்டும் பதிவுச் சான்றிதழ் வரும் வரை தொடாதீர்கள். பதிவாகாத பெயரைப் பதிவானது போல் காட்டுவது டிரேட்மார்க் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி குற்றம். லோகோ செய்து கொடுப்பவர்கள் அழகுக்காக அதைச் சேர்த்துவிடுவது உண்டு. உங்களுடைய கோப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இனி வங்கிக் கணக்கு. உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கோடு இணைந்த க்யூஆர் கோடைத் தளத்தில் போட்டால், பணம் கட்டும் திரையில் உங்கள் பெயரோ கணவர் பெயரோதான் வரும். ‘மின்மினி’யில் வாங்க வந்தவருக்கு முன்பின் தெரியாத ஒரு தனிநபர் பெயர் வந்தால் விரல் நின்றுவிடும். ஏமாற்றுக் கடைகள் பற்றி எல்லோரும் படிக்கும் எச்சரிக்கையும் இதைத்தானே சொல்கிறது. தனி உரிமையாளர் நிறுவனமாக, கடைப் பெயரிலேயே ஒரு நடப்புக் கணக்குத் தொடங்குங்கள். அதற்கு வங்கி கடைப் பெயர் போட்ட ஆவணம் கேட்கும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதாரை வைத்து அரசுத் தளத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம், அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். ஜிஎஸ்டி விஷயத்தில், தமிழ்நாட்டுக்கு வெளியே பொருள் அனுப்பினால் விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பொதுவாகப் பதிவு தேவைப்படும். குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் புடவை அதில் வருமா என்பதை ஆடிட்டரிடம் பொருளைக் காட்டியே கேளுங்கள்.

ஜிஎஸ்டி எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சட்டப்பூர்வப் பெயர், வணிகப் பெயர், தொழில் நடக்கும் இடம் எல்லாம் வரும். பதிவு செய்யும்போது வணிகப் பெயர் கட்டத்தில் ‘மின்மினி’ என்று, தளத்தில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். அந்தக் கட்டத்தில் மறதியாக உங்கள் பெயரையே போட்டுவிட்டால் சரிபார்க்க வருகிறவருக்குக் கடை இருப்பதே தெரியாது. எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும் வரை, பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: “பணம் அனுப்பும்போது திரையில் (உங்கள் பெயர்) என்று வரும். மின்மினியின் உரிமையாளர் அவர்தான்.” இந்த ஒரு வரி பல பேரின் தயக்கத்தைத் தீர்க்கும்.

லோகோவுக்கு வருவோம். கோபுரத்தை எடுத்துவிடுங்கள். மதுரையில் பாதிக் கடைகளுக்குக் கோபுரம்தான் அடையாளம், அதனால் யாருக்கும் அது அடையாளமாக இல்லை. தமிழ்நாடு அரசு இலச்சினையிலும் கோபுரம் இருக்கிறது. அரசு இலச்சினையைப் போலத் தோன்றும் எதையும் வணிகத்துக்குப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. கைத்தறி முத்திரையையும் பட்டு முத்திரையையும் அதற்குரிய பதிவில்லாமல் தளத்தில் ஒட்டாதீர்கள். ‘100% பாதுகாப்பு’ என்று தங்க நிறத்தில் சுற்றும் பேட்ஜ்களும் வேண்டாம். அவற்றை யாரும் வழங்கவில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்குப் படமே தேவையில்லை என்பது என் கருத்து. பெயரை நன்றாக எழுதினாலே போதும். ‘மின்மினி’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள்: மூன்று இடத்தில் மேலே விசிறி வளைகிறது, ஒரு இடத்தில் புள்ளி இருக்கிறது. பெரிதாகப் பார்க்கும்போது அழகாக இருக்கும். அதையே உலாவித் தாவலில் வரும் 16 பிக்சல் அளவுக்குச் சுருக்கினால் விசிறியும் புள்ளியும் ஒட்டிக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். தமிழ் எழுத்து லோகோக்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே இரண்டு வடிவம் வேண்டும். முழுப் பெயர் ஒன்று. சின்ன இடத்துக்கு ‘மி’ என்ற ஒற்றை எழுத்து, நல்ல தடிமனில், வளைவுகளுக்குள் காற்று இருக்கும்படி. தமிழ் எழுத்துருக்களில் அனெக் தமிழ், கேட்டமரன், முக்தா மலர், பாலூ தம்பி ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிகத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். லோகோ செய்தவர் வேறு எழுத்துரு பயன்படுத்தியிருந்தால் அதன் உரிமத்தைக் கேளுங்கள்.

முடிவு செய்யும் முன் லோகோவை நான்கு இடத்தில் வைத்துப் பாருங்கள்: உலாவித் தாவல், வாட்ஸ்அப்பின் வட்டப் படம், பார்சலில் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப், புடவையில் தைக்கும் இரண்டு சென்டிமீட்டர் நெய்த லேபிள். கடைசி இரண்டிலும் நிறம் ஒன்றுதான், மெல்லிய கோடு நிற்காது. சாயல் மாறும் நிறங்களும் நிழலும் போட்ட லோகோ அங்கே தோற்றுவிடும். ஒரே நிறத்தில் நிற்காத லோகோவை வாங்காதீர்கள்.

லோகோ செய்பவரிடமிருந்து வாங்க வேண்டியவை: எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய SVG கோப்பு, பின்னணி இல்லாத PNG, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. கூடவே ஒரு கடிதம். வெளியாளிடம் பணம் கொடுத்து வரைந்த லோகோவின் பதிப்புரிமை தானாக உங்களுக்கு வந்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள், எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அந்தக் கடிதத்தில் காலம் சொல்லாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும், நாடு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஆகவே “பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்” என்ற சொற்கள் அதில் இருக்கட்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் புடவை அனுப்பும் நாள் வந்தால் இது உதவும்.

‘எங்களைப் பற்றி’ பக்கத்தைப் பிறரிடமிருந்து எடுப்பதில் சட்டச் சிக்கல் இருக்கட்டும், அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. உங்களிடம் இருப்பது அந்தப் பெரிய கடையிடம் இல்லாத செய்தி. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வரியை எந்தக் கடையிலும் ஒட்டலாம், அதனால் அது எதையும் நிரூபிப்பதில்லை. உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாத வரிகளை மட்டும் எழுதுங்கள். இப்படி:

> “மின்மினி மதுரையில் (தெருப் பெயர்) இருந்து இயங்கும் சுங்குடிக் கடை. நடத்துவது (உங்கள் பெயர்), (நாத்தனார் பெயர்). எங்களிடம் இரண்டு வகைப் புடவைகள் உண்டு. முதல் வகை கைமுடிச்சு: துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் கட்டை அவிழ்ப்பது. இவற்றை (மாமியார் பெயர்) வீட்டிலும் மதுரையில் இன்னும் நான்கு வீடுகளிலும் செய்கிறார்கள். புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது; கட்டு இருந்த இடத்தில் துணி சற்றுச் சுருங்கியிருக்கும். இரண்டாம் வகை மெழுகு அச்சு: புள்ளிகள் அச்சுக்கட்டையால் வைத்தவை, சீராக இருக்கும், விலை குறைவு. ஒவ்வொரு புடவையின் பக்கத்திலும் அது எந்த வகை என்று எழுதியிருக்கிறோம். திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் மாலை 6 வரை போனில் கிடைப்போம்.”

இதில் நம்பிக்கை வரும் இடம் ‘மெழுகு அச்சு, விலை குறைவு’ என்ற வரி. விற்பவரே தன் பொருளில் எது கைமுடிச்சு இல்லை என்று சொல்லும்போது, மற்றது கைமுடிச்சு என்பதை வாங்குபவர் நம்புகிறார். கூடவே மூன்று படம் போதும்: நூல் சுற்று தெரியும்படி கிட்டத்தில் எடுத்த, கட்டு அவிழ்க்காத துணி; அதே துணி பாதி அவிழ்த்த நிலையில்; நீங்கள் இருவரும் பார்சல் கட்டும் இடம். படங்கள் பகல் வெளிச்சத்தில், உங்கள் போனில் எடுத்தவையாக இருக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் நெசவுப் படத்தைப் போட்டால், படத்தை வைத்துத் தேடும் வசதியில் அது நூறு தளத்தில் இருப்பது தெரிந்துவிடும். மாமியார் படத்தையும் பெயரையும் போடுவதற்கு முன் அவரிடமும் மற்ற நான்கு வீட்டாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு விருப்பமில்லை என்றால் கைகளை மட்டும் படமெடுங்கள்.

முகவரி விஷயத்தில் வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்குத் தயக்கம் வரும், அதில் நியாயமும் உண்டு. ஆனால் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி சட்டப்பூர்வப் பெயர், தலைமை இடத்தின் முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகக் காட்டியே ஆக வேண்டும். வீட்டு முகவரி வேண்டாம் என்றால் ஒரு சின்ன இடத்தை வாடகைக்கு எடுத்து அதையே ஜிஎஸ்டியிலும் பதிவு செய்யுங்கள். இல்லாத முகவரியை மட்டும் போடாதீர்கள். போய்ச் சேராத பார்சல் ஒருநாள் உங்களிடமே திரும்பி வரும்போது தபால்காரர் கண்டுபிடிக்க வேண்டும். போனுக்குத் தனி சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொண்டால் சொந்த எண் வெளியே போகாது.

பாலிசிகளில்தான் புதுக் கடைகள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. எடுத்து ஒட்டிய பாலிசியை ஒரு வாடிக்கையாளர் எளிதில் கண்டுபிடிப்பார்: எங்கோ ஒரு பத்தியில் பழைய கடையின் பெயர் நிற்கும், வழக்கு டெல்லி நீதிமன்றத்தில்தான் என்று இருக்கும், புடவைக் கடையில் ‘சைஸ் மாற்றித் தரப்படும்’ என்று இருக்கும். இதைவிட மோசம், ‘15 நாளில் கேள்வியில்லாமல் ரிட்டர்ன், வீட்டுக்கே வந்து எடுப்போம்’ என்ற வரி. பெரிய கடைக்குக் கூரியர் ஒப்பந்தம் இருக்கிறது. உங்களுக்கு ஒவ்வொரு ரிட்டர்னும் இரண்டு வழிக் கூரியர் செலவு. எழுதியதைச் செய்ய முடியாமல் போகும் அன்றைக்கே கடையின் பெயர் போய்விடும்.

எதிர்ப்பக்கமும் தவறு உண்டு: ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது’. ஆன்லைனில் இது செல்லாது. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குப் பின் வந்து சேர்ந்தாலோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று மேலே சொன்ன விதிகள் சொல்கின்றன. வெள்ளம், புயல் போல உங்கள் கையை மீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. ஆகவே உங்கள் பாலிசி இரண்டு அறைகளாக இருக்க வேண்டும்: எங்கள் தவறு என்றால் என்ன, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன.

எழுதுவதற்கு முன், சுங்குடியில் என்னென்ன புகார் வரும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று வரும். சாயம் போகிறது என்பது ஒன்று. போனில் பார்த்த நிறம் வேறு என்பது ஒன்று. புள்ளி ஒழுங்காக இல்லை என்பது ஒன்று. மூன்றாவதை ‘எங்களைப் பற்றி’ பக்கமே பார்த்துக்கொள்ளும். நிறத்துக்கு, ஒவ்வொரு புடவையையும் நிழலில் பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாள் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள், தாள் வெள்ளையாகத் தெரிகிற படத்தைப் போடுங்கள். சாயத்துக்கு, அனுப்புவதற்கு முன் ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அரக்கு, கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்நிறங்களில் லேசாக ஒட்டலாம். ஒட்டினால் அதைப் பொருள் பக்கத்தில் எழுதுங்கள்: “முதல் மூன்று அலசலில் லேசாகச் சாயம் வரும். தனியாக, குளிர்ந்த நீரில் அலசவும்.” இந்த வரி முன்கூட்டியே இருந்தால் கோயம்புத்தூர்க்காரர் முதல் அலசலில் நீரில் நிறம் பார்த்ததும் போன் செய்து கோபப்பட மாட்டார். நான்காவது அலசலிலும் சாயம் இறங்கி வெள்ளைப் புள்ளிகள் நிறமாகிவிட்டால், அது சொன்னபடி இல்லாத பொருள். நீங்கள் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். அதனால் அப்படிப்பட்ட புடவை வெளியே போகாதபடி முன்பே சோதித்து அனுப்புவது மலிவு.

இதை வைத்து, பாலிசி இப்படி அமையலாம்:

> “எங்கள் தவறு என்றால்: கிழிசல், கறை, நீங்கள் கேட்காத புடவை, சொன்ன வகையோ அளவோ இல்லாத புடவை வந்திருந்தால், கிடைத்த 7 நாளுக்குள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள். பொருள் பக்கத்தில் சொன்னதைத் தாண்டிச் சாயம் போனால், அலசிய புடவையானாலும் கிடைத்த 30 நாளுக்குள் சொல்லுங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவை நாங்கள் தருவோம். வேறு புடவையா, பணமா என்பது உங்கள் விருப்பம். சொன்ன நாளுக்குப் பின் வந்தால், வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம்.
>
> பிடிக்கவில்லை என்றால்: கிடைத்த 3 நாளுக்குள் சொல்லுங்கள். கட்டாத, அலசாத, ஃபால்ஸ் தைக்காத, ஜாக்கெட் துணி வெட்டாத புடவையை உங்கள் செலவில் அனுப்பினால், முதலில் வாங்கிய கூரியர் கட்டணம் போக மீதியைத் தருவோம்.
>
> பணம்: புடவை எங்களுக்கு வந்த 3 வேலை நாளில், நீங்கள் கட்டிய அதே வழியில் திருப்பி அனுப்புவோம். அதன்பின் வங்கியில் வரவாக 5 முதல் 7 வேலை நாள் ஆகலாம்.”

பார்சல் திறக்கும்போது வீடியோ எடுத்தால்தான் ரிட்டர்ன் என்று பல கடைகள் எழுதுகின்றன. வீடியோ இருந்தால் நல்லது என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கிடையாது என்று எழுதாதீர்கள். அம்மாவுக்குப் பரிசாக வாங்கி அனுப்பியவரின் அம்மா வீடியோ எடுக்க மாட்டார். பணத்துக்குப் பதில் கூப்பன் தருவோம் என்பதையும், உங்கள் தவறு நடந்த இடத்தில் எழுதக் கூடாது.

டெலிவரிக்கு ‘விரைவில் அனுப்பப்படும்’ என்று எழுதாமல் நாள் போட்டு எழுதுங்கள், அனுப்பும் நாளும் சேரும் நாளும் தனித்தனியாக. “மதியம் 2 மணிக்குள் வந்த ஆர்டர் மறுநாள் அனுப்பப்படும். தமிழ்நாட்டுக்குள் 2 முதல் 4 நாள், பிற மாநிலங்களுக்கு 5 முதல் 8 நாள்.” இந்த எண்களைக் கடை திறக்கும் முன் கோயம்புத்தூர், சென்னை, டெல்லியில் உள்ள உறவினர்களுக்குப் பார்சல் அனுப்பிப் பார்த்து, வந்த நாளோடு ஒரு நாள் கூட்டிப் போடுங்கள். தாமதமான பொருளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதால், நம்பிக்கையோடு குறைத்துப் போட்ட எண் உங்களையே கடிக்கும்.

குறை தீர்க்கும் அலுவலர் என்று ஒருவரின் பெயர், பொறுப்பு, எண் தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு பேர் கடையில் அது நாத்தனாராகவே இருக்கலாம். புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் போக வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தனியுரிமைப் பக்கம் ஐந்தாறு வரி போதும்: என்ன வாங்குகிறோம், கூரியருக்கு எதைக் கொடுக்கிறோம், கார்டு எண் எங்களிடம் சேமிக்கப்படுவதில்லை, பேமென்ட் கேட்வே கையாளுகிறது. ‘வாட்ஸ்அப்பில் சலுகை அனுப்பலாம்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதையும் ஒவ்வொரு பொருள் பக்கத்திலும் போடுங்கள்.

பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் கணக்கை இயக்கத்துக்குக் கொண்டுவரும் முன் தளத்தைப் பார்ப்பார்கள். தொடர்பு, விதிமுறைகள், தனியுரிமை, ரிட்டர்ன் மற்றும் ரத்து, டெலிவரி ஆகிய பக்கங்கள் இல்லையென்றாலோ, அவற்றில் இருக்கும் பெயர் வங்கிக் கணக்கோடு பொருந்தவில்லை என்றாலோ திருப்பி அனுப்புவார்கள். இந்தப் பக்கங்களின் இணைப்பைத் தளத்தின் அடியில் எல்லாப் பக்கத்திலும் தெரியும்படி வையுங்கள், முகவரியும் எண்ணும் அங்கேயே.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: பெயர்த் தேடல், டொமைன், உத்யம், ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு, பார்சல் சோதனை, பாலிசி, ‘எங்களைப் பற்றி’, கடைசியாக லோகோ. ஏற்கெனவே கொடுத்த பணத்துக்கு வருந்தி கோபுரத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அதே ஆளிடம் எழுத்து லோகோவாக மாற்றித் தரக் கேளுங்கள், கடிதமும் சேர்த்து.

திறந்த முதல் வாரம் ரிவ்யூ பகுதி காலியாகத்தான் இருக்கும். தெரிந்தவர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போட வைக்காதீர்கள், வாடிக்கையாளர் போல் விற்பவரே எழுதுவதை விதிகள் தடை செய்கின்றன. அதற்குப் பதில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு, இன்ஸ்டாகிராமில் கேட்பவர்களுக்குத் தளத்தின் தொடர்புப் பக்கத்தையும் ஜிஎஸ்டி எண்ணையும் அனுப்பி, “போன் செய்து பேசிவிட்டு வாங்குங்கள்” என்று சொல்லுங்கள். பேசியவர்களில் யாருக்காவது முதல் புடவை போய்ச் சேர்ந்ததும், அவர் சம்மதத்தோடு அவர் எடுத்த படத்தை மட்டும் போடலாம்.